புரோகிராம் கோடு எழுதும் முன்பே குழப்பமான திரையைக் கண்டுபிடிப்பது

கேள்வி: ஆப் கட்டுவதற்கு முன்னாடியே பயனர்களிடம் சோதிப்பது எப்படி?

ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வரைந்த திரைகளை, பட்டனைத் தட்டினால் அடுத்த திரை வரும்படி இணைத்தால் அதுதான் கிளிக் புரோட்டோடைப். பின்னால் புரோகிராம் கோடு எதுவும் கிடையாது. நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, "நாளைக்கு மதுரைக்கு ஒரு பஸ் டிக்கெட் போடுங்க, மனசுல ஓடுறதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வழி காட்டாதீர்கள், அதுதான் கஷ்டம். இருக்கையைத் தேர்ந்தபின் 'தொடர்க' பட்டன் திரைக்குக் கீழே மறைந்திருந்தால், அதே இருக்கையைத் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். இரண்டாவது ஆளும் அங்கேயே நின்றால் குறை திரையில்தான். படத்தில் பட்டனை நகர்த்துவது சில நிமிட வேலை. கோடு எழுதியபின் என்றால் திருத்தி, மறுபடி சோதித்து, புதிய பதிப்பு விடவேண்டும். தையல்காரர் ஓட்டுத்தையல் போட்டு அளவு பார்ப்பது போலத்தான்.

ஐந்து பேர் தடுமாறாமல் முடித்தால் ஆப் விற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கே சிக்குகிறார்கள் என்பதைத்தான் இது காட்டும், எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை அல்ல.