சுவரில் சிப்பி, கயிற்றில் பாசி

கேள்வி: தனுஷ்கோடி பற்றிய கட்டுரையில் "இடிந்த தேவாலயத்தின் சுவற்றில்" என்று வந்திருக்கிறது. "சுவரில்" என்பதுதானே சரி? "பதட்டம்" என்பதும் தவறு, "பதற்றம்" என்று இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பேசும் இடத்தில் "செவத்துல" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் இதையெல்லாம் பார்ப்பதில்லையா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: பார்க்கிறேன். அந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் படித்தது நான்தான், அதனால் எழுதியவரைக் கைகாட்ட மாட்டேன். நீங்கள் சொன்ன மூன்றில் முதலாவது முழுக்கச் சரி. இரண்டாவதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதையும் முதலாவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மூன்றாவதை ஏற்க மாட்டேன்.

முதலாவதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டும். "சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்" என்று எத்தனையோ காம்பவுண்டுச் சுவர்களிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, படித்தவர்கள் கையெழுத்திலும் வருகிறது. அதனால் "தவறு, திருத்திவிட்டோம்" என்று ஒரு வரியில் முடித்தால், அடுத்த மாதம் இன்னொருவர் கட்டுரையில் அதே சொல் திரும்ப வந்து உட்காரும்.

கட்டுரையில் இருந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "சுவற்றில் பதிந்திருக்கும் சிப்பியும், கரையில் கிடந்த வலைக்கயிற்றில் காய்ந்திருந்த பாசியும்" என்று போகிறது அது. கயிற்றில் சரி, சுவற்றில் தவறு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டுக்கும் ஏன் இரண்டு விதி?

கயிறு என்ற சொல் "று" என்று முடிகிறது. இப்படி று, டு என்று முடியும் சொற்கள் பலவும் ஐ, இல், கு போன்ற வேற்றுமை உருபு வந்து சேரும்போது அந்தக் கடைசி மெய்யை இரட்டித்துக்கொள்ளும். ஆறு ஆற்றில் ஆகிறது, சோறு சோற்றில், சேறு சேற்றில், வயிறு வயிற்றில். டு என்றால் வீடு வீட்டில், கருவாடு கருவாட்டில். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இதை நன்னூலில் "நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே" என்று சொல்லிவைத்தார். அதில் "மிகவே" என்பதைக் கவனியுங்கள், பெரும்பாலும் இப்படி நடக்கும் என்றுதான் சொல்கிறார். இது வெறும் பழைய ஏட்டு விதி என்று யாராவது நினைத்தால், ரோடு என்ற இங்கிலீஷ் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழுக்குள் வந்ததும் அது தானாகவே "ரோட்டில்" ஆகிவிட்டது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரட்டிப்பதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. ஒன்று, று அல்லது டுவுக்கு முன்னால் உயிர் ஒலி இருக்க வேண்டும், மெய்யெழுத்து இருக்கக் கூடாது. அதனால்தான் நண்டு என்பது நண்டை, நண்டில் என்றே நிற்கிறது, போர்டு போர்டில் என்று நிற்கிறது. இன்னொன்று, முன்னால் ஒரே ஒரு குறில் மட்டும் இருந்தால் அந்த உகரம் குறுகாது, இரட்டிப்பும் நடக்காது. நடு என்பது நடுவில் ஆகிறது, "நட்டில்" ஆவதில்லை.

இப்போது சுவருக்கு வருவோம். அது ர் என்று, புள்ளி வைத்த மெய்யில் முடிகிறது. கடைசியில் உகரமும் இல்லை, றகரமும் இல்லை. எதை இரட்டிப்பது? சுவர், இல், இரண்டையும் சேர்த்தால் சுவரில். சுவரை, சுவருக்கு, சுவரின் எல்லாம் அப்படித்தான். சந்தேகம் வந்தால் அதே சாயலில் இருக்கும் தயிர், பயிர், உயிர் ஆகிய சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயிரில் உப்புப் போட்டேன் என்கிறோம், யாரும் "தயிற்றில்" என்று எழுதுவதில்லை. இன்னொரு சோதனையும் இருக்கிறது. கயிற்றுக்கட்டில், ஆற்றுமணல் என்று கூட்டுச்சொல்லிலும் றகரம் இரட்டிக்கிறது. சுவரில் ஒட்டுவதைச் சுவரொட்டி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், "சுவற்றொட்டி" என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு பேர் இப்படி எழுதுகிறார்கள்? பேச்சில் நாம் மெய்யில் முடியும் சொல்லின் வாலில் ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம். ஊர் ஊரு ஆகிறது, தேர் தேரு ஆகிறது, சுவர் செவரு ஆகிறது. பெரும்பாலான வாய்களில் ரகரமும் றகரமும் இப்போது ஒரே ஒலிதான். ஆக செவரு என்பது காதுக்கு வயிறு, கயிறு போலவே கேட்கிறது. வயித்துல, கயித்துல என்று சொல்லும் வாய் அதே பழக்கத்தில் செவத்துல என்றும் சொல்லிவிடுகிறது. இது வரை பேச்சின் இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எழுத உட்காரும்போதுதான் வழி தவறுகிறது. பேச்சில் வரும் "த்து" எழுத்தில் பல இடங்களில் "ற்று" என்று நமக்குப் பழக்கம், காத்து காற்று, சோத்துல சோற்றில், ஆத்துல ஆற்றில். அந்தப் பழக்கத்தை வைத்து செவத்துல என்பதையும் நல்ல தமிழாக்குகிறேன் என்று கிளம்பினால் கையில் கிடைப்பது "சுவற்றில்". கொச்சையைத் தவிர்க்க நினைத்து எழுதுகிறவரிடம்தான் இந்தப் பிழை வருகிறது, அலட்சியமாக எழுதுகிறவரைவிட கவனமாக எழுதுகிறவரிடம் அதிகம் பார்க்கிறேன். மெய்ப்பு பார்க்கும்போது ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கும் முறையில் இது சிக்குவதும் இல்லை, ஏனென்றால் காது அதைச் சரி என்றே கேட்கிறது. கண்ணால் சொல்லின் மூல வடிவத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

இன்னொன்றும் உண்டு. சுவறுதல் என்று தமிழில் தனியாக ஒரு வினையே இருக்கிறது, நீர் உறிஞ்சப்பட்டு வற்றிப்போவது. கரை மணலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவறிப்போகும். அதை அறிந்த ஒருவர் கண்ணுக்கு "சுவற்றில்" என்பது கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவராகவே படாது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன பிறகும் பவளக்கல்லோடு நிற்கிற ஒரு சுவரைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் அது வந்தது எனக்கு உறுத்துகிறது. அடுத்த இதழில் திருத்தம் வரும், பக்க எண்ணோடு.

பதட்டம் பற்றி. இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பதறு என்ற வினையிலிருந்து வருவது பதற்றம். சீறு சீற்றம், மாறு மாற்றம், ஏறு ஏற்றம் என்று வருவதைப் போல. ட்டம் என்று முடிய வேண்டுமானால் வினை டுவில் முடிந்திருக்க வேண்டும், ஆடு ஆட்டம், ஓடு ஓட்டம் மாதிரி. "பதடு" என்று நாம் ஒரு வினை சொல்வதில்லை. ஆனால் பதட்டம் செய்தித்தாள்களிலும் பேச்சிலும் நெடுநாளாக ஊறிப்போன வடிவம், அதை எழுதும் ஒருவரைத் தமிழ் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். சுவற்றில் என்பதைத் தவறு என்று அடித்துத் திருத்துவேன், பதட்டத்தைப் பதற்றமாக்கச் சொல்லி எழுதியவரிடம் கேட்பேன். எங்கள் பத்திரிகையில் இனி பதற்றம் என்றே வரும். அந்தக் கட்டுரையில் "கடல் சீற்றம்" என்று ஒழுங்காக எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே "மீனவர்கள் பதட்டம்" என்று போட்டது பொருந்தவும் இல்லை.

மூன்றாவது. "அந்தச் செவத்துல கைய வச்சுப் பாருங்க தம்பி, சிப்பி குத்தும்" என்று அந்தப் பெரியவர் சொன்னார். அவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறோம். அதற்குள் போய் "சுவரில் கையை வைத்துப் பாருங்கள்" என்று மாற்றினால் அது அவர் சொன்னது ஆகாது, நாங்கள் எழுதியது ஆகிவிடும். வடகடல், தென்கடல் என்று கடலைப் பிரித்துச் சொல்லும், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் ஒருவரின் வாய்மொழியை எங்கள் மேசையில் வைத்து இலக்கணத்துக்கு வளைக்க எனக்கு விருப்பமில்லை. எழுதியவர் பேசும் இடத்தில் சுவரில், பேசியவர் பேசும் இடத்தில் செவத்துல. அது பிழையாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பேச்சை எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதில் நீங்கள் எங்களைத் தாராளமாகப் பிடிக்கலாம். பேச்சு என்றால் முழுக்கப் பேச்சாக இருக்க வேண்டும், காத்துல, கயித்துல, செவத்துல என்று. எழுத்து என்றால் காற்றில், கயிற்றில், சுவரில். இரண்டையும் பிசைந்து "காற்றுல", "கயிற்றுல" என்று போடும் வழக்கம் இப்போது கதைகளில் நிறைய வருகிறது, அது வாயிலும் இல்லை, இலக்கணத்திலும் இல்லை. அப்படி ஏதாவது எங்கள் இதழில் கண்ணில் பட்டால் இதே மாதிரி எழுதுங்கள், மறுபேச்சில்லாமல் திருத்துகிறேன்.