ஒரு ஆப் 1,520, இன்னொரு ஆப் 1,965: எனக்கு எத்தனை கலோரி வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 36, உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 64 கிலோ. காவேரிப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் 40 நிமிடம் நடக்கிறேன். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்று போனில் பார்த்தால் ஒரு ஆப் 1,520 என்கிறது, இன்னொன்று 1,965 என்கிறது. எதை நம்புவது? நானே கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஒரு பேப்பரும் பேனாவும் போதும். இரண்டு ஆப்களும் அநேகமாக ஒரே சூத்திரத்தைத்தான் போட்டிருக்கின்றன. "நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஒன்றில் ஒரு பதிலையும் இன்னொன்றில் வேறு பதிலையும் தொட்டிருப்பீர்கள். அந்த ஒரு தொடுதலில் வந்ததுதான் 445 கலோரி வித்தியாசம்.

முதலில், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரியைப் பார்ப்போம். இதயம் துடிக்க, மூச்சு ஓட, கல்லீரலும் மூளையும் வேலை செய்ய, உடல் சூடு குறையாமல் இருக்க ஆகும் செலவு இது. இதை ஓய்வுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இன்று அதிகமாகப் பயன்படுவது 1990-ல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம். பெண்களுக்கு இது:

```
10 × எடை (கிலோ) + 6.25 × உயரம் (செ.மீ.) − 5 × வயது − 161
```

ஆண்களுக்குக் கடைசியில் 161-ஐக் கழிப்பதற்குப் பதிலாக 5-ஐக் கூட்டவேண்டும். மற்றதெல்லாம் அதேதான்.

உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றுவோம். 5 அடி 1 அங்குலம் என்றால் 61 அங்குலம். அதை 2.54-ஆல் பெருக்கினால் 155 செ.மீ. இப்போது எடைக்கு 640, உயரத்துக்கு 969, இரண்டும் சேர்ந்து 1,609. அதில் வயதுக்கு 180-ஐயும், கடைசி 161-ஐயும் கழித்தால் 1,268. ஒரு வேலையும் செய்யாமல் இருந்தாலே உங்கள் உடம்பு இவ்வளவு கேட்கும்.

எடை மெஷின் இரண்டு கிலோ தப்பாகக் காட்டினாலும் இந்தக் கணக்கு 20 கலோரிதான் மாறும். உயரத்தில் 4 செ.மீ. பிசகினால் 25 கலோரி. வயதில் ஐந்து வருடம் தப்பினாலும் அதே 25. அதனால் இந்தப் பகுதியில் துல்லியம் பார்த்து நேரம் செலவழிக்க வேண்டாம். கவனம் வேண்டியது அடுத்த படியில்.

ஓய்வுச் செலவை ஓர் எண்ணால் பெருக்கினால் முழு நாளின் தேவை வரும். ஆப்களில் பொதுவாக இருப்பவை 1.2, 1.375, 1.55, 1.725, 1.9 என்ற ஐந்து எண்கள். "உட்கார்ந்த வேலை" என்று தொட்டால் 1.2, "மிதமான உழைப்பு" என்று தொட்டால் 1.55. உங்கள் 1,268-ஐ 1.2-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,520, 1.55-ஆல் பெருக்கினால் 1,965. உங்கள் இரண்டு ஆப்களின் எண்களும் இங்கிருந்து வந்தவைதான்.

இரண்டுமே உங்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. 1.2 என்பது கட்டிலையும் நாற்காலியையும் விட்டு எழாதவருக்கான எண். சமைத்து, பாத்திரம் கழுவி, பஸ் ஏறி இறங்கும் ஒருவரின் நாள் அவ்வளவு குறைவாக இருக்காது. 1.55-ஐத் தொட்டவர்கள் பெரும்பாலும் காலை நடையை நினைத்துத் தொடுகிறார்கள். ஆனால் 64 கிலோ எடையுள்ளவர் 40 நிமிடம் சற்று வேகமாக நடந்தால், அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவைவிடக் கூடுதலாக 100 கலோரி அளவுக்குத்தான் செலவாகும். மீதி 23 மணி நேரம் என்ன செய்கிறோம் என்பதுதான் எண்ணை முடிவு செய்கிறது.

ஆகவே ஆப்பின் ஐந்து பெட்டிகளை விட்டுவிடுங்கள். உங்கள் ஒரு சாதாரண வேலைநாளை மணி மணியாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும், ஓய்வைப்போல அது எத்தனை மடங்கு என்று ஒரு மதிப்பு உண்டு. தூக்கத்துக்கு 1. உட்கார்ந்து செய்வதற்கெல்லாம் (கணக்கு, பஸ், சாப்பாடு, டிவி) சராசரியாக 1.4. சமையல், துணி துவைப்பது, வீடு பெருக்குவது சேர்த்து 2.3. நடைக்கு 3.3 அளவு.

நீங்கள் எழுதியதை வைத்து நான் ஊகித்த நாள் இப்படி இருக்கும். தூக்கம் 8 மணி நேரம், அதற்கு 8. உட்கார்ந்திருப்பது 12 மணி நேரம், 1.4-ஆல் பெருக்கினால் 16.8. வீட்டு வேலை 3 மணி நேரம், அதற்கு 6.9. காலை நடையும் பஸ் ஸ்டாப்புக்குப் போய்வரும் நடையும் சேர்த்து 1 மணி நேரம், அதற்கு 3.3. மொத்தம் 35. இதை 24-ஆல் வகுத்தால் 1.46. அதுதான் உங்கள் எண். 1,268-ஐ இதனால் பெருக்கினால் 1,850 வருகிறது. உங்கள் மணிக்கணக்கு வேறாக இருந்தால் அதைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையை எடுக்காதீர்கள், வாரத்தில் அதிகம் வரும் நாளை எடுங்கள்.

அந்தச் சூத்திரம் அமெரிக்காவில் சுமார் 500 பேரை அளந்து உருவானது. நம் நாட்டவருக்கு ஓய்வுச் செலவு இதுபோன்ற சூத்திரங்கள் சொல்வதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதை இந்திய ஆய்வுகள் பலவற்றில் கண்டிருக்கிறார்கள். ஐந்து சதவீதம் குறைத்தால் 1,850 என்பது ஏறக்குறைய 1,757 ஆகும். ஆகவே உங்கள் தேவை 1,750-க்கும் 1,850-க்கும் நடுவில் என்று வைத்து, 1,800-ல் தொடங்கலாம். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1,660, மிதமான உழைப்பு என்றால் 2,130 என்று இருக்கிறது. உங்கள் எடை அதைவிட 9 கிலோ கூடுதல். அதோடு வைத்துப் பார்த்தாலும் 1,800 பொருத்தமாகவே தெரிகிறது.

உழைப்பு எவ்வளவு மாற்றும் என்பதற்கு இன்னொரு கணக்கு. உங்களுக்கு அதே வயதில், அதே உயரத்தில் 50 கிலோ எடையுள்ள ஒரு தோழி ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று வையுங்கள். அவருடைய ஓய்வுச் செலவு 1,128-தான், உங்களைவிட 140 குறைவு. ஆனால் களையெடுத்து, பறித்து, கூடை தூக்கும் நாளுக்கு எண் 1.8 வரும். தேவை 2,030. உங்களைவிட மெலிந்தவர், உங்களைவிட அதிகம் சாப்பிட வேண்டியவர். தோட்டத்தில் வேலை இல்லாத மாதத்தில் அவரே 1.5-க்கு இறங்கிவிடுவார், அப்போது 1,690 போதும். நம் மாவட்டங்களில் காட்டு வேலைக்குப் போகும் பலருக்கும் வருடத்துக்கு ஒரே எண் பொருந்தாது. வேலை நாளுக்கு ஒன்று, வேலை இல்லாத காலத்துக்கு ஒன்று என இரண்டு கணக்கு வேண்டும்.

சரி, 1,800 என்பது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடை மெஷின்தான் சொல்லும். நான்கு வாரம் 1,800 அளவில் சாப்பிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபி குடிக்கும் முன், ஒரே மெஷினில் எடை பாருங்கள். மூன்றின் சராசரியை மட்டும் எழுதுங்கள். ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் ஒரு கிலோ ஏறி இறங்குவது உப்பும் தண்ணீரும் செய்வது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோத்து எடை கூடும். நான்கு வாரம் என்று நான் சொல்வது அதனால்தான். இந்த மாதத்தின் ஒரு வாரத்தை அடுத்த மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

எடை நகரவில்லை என்றால் 1,800 சரி. அரை கிலோ குறைந்தது என்று வையுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கும் என்று கணக்கு. அரை கிலோவுக்கு 3,850, அதை 28 நாளால் வகுத்தால் 137. அப்படியானால் உங்கள் உண்மையான தேவை 1,940 பக்கம். அரை கிலோ கூடினால் அதே 137-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், 1,660 பக்கம் வரும்.

அந்தக் கடைசி முடிவுக்கு வருமுன் சாப்பாட்டுக் கணக்கை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் தேவையைச் சரியாகப் போட்டுவிட்டுச் சாப்பிட்டதைக் குறைத்து எழுதுகிறார்கள். வேண்டுமென்று அல்ல, எண்ணெய் கண்ணில் படுவதில்லை. ஒரு பெரிய ஸ்பூன், அதாவது 15 மில்லி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது. தாளிப்பும் பொரியலும் சேர்ந்து நாளில் இரண்டு ஸ்பூன் கணக்கில் விட்டுப்போனால் போதும், நீங்கள் போட்ட கணக்கு முழுதும் தப்பாகிவிடும். எண்ணெயை மாதத்துக்கு அளந்து எடுத்து, வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையாலும் நாளாலும் வகுப்பது சுலபமான வழி.

அடுத்தது களி. உருண்டையை எடை போட்டு எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் அளவு வேறு. கேழ்வரகு மாவை எடை போடுங்கள். 100 கிராம் மாவில் ஏறக்குறைய 320 கலோரி. 80 கிராம் மாவில் கிண்டிய களி எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் 256 கலோரிதான். அரிசியையும் சோறாக அளக்காமல் அரிசியாக அளப்பது நல்லது.

இன்னொரு தப்பு, நடையை இரண்டு தடவை எண்ணுவது. மேலே 1.46 என்ற எண்ணுக்குள் உங்கள் காலை நடை ஏற்கெனவே இருக்கிறது. போனோ கையில் கட்டும் பட்டையோ "இன்று 200 கலோரி செலவழித்தீர்கள்" என்று காட்டினால் அதை 1,800-உடன் கூட்டிச் சாப்பிட்டுவிடக் கூடாது.

இந்தக் கணக்கு 19 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் பொருந்தாது. அவர்களுக்கு இதற்கு மேலே தேவை இருக்கிறது. தைராய்டு கோளாறு இருந்தால் ஓய்வுச் செலவே மாறிவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தாங்களாகக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

எடை குறைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த எண்ணம் இருந்தால், நான்கு வாரம் முடிந்து உங்கள் எண் தெரிந்த பிறகு அதிலிருந்து 300 குறையுங்கள். 1,800 சரியென்றால் 1,500. ஓய்வுச் செலவான 1,268-க்குக் கீழே மட்டும் போக வேண்டாம். ஐந்து கிலோ குறைந்தால் ஓய்வுச் செலவு 50 குறைந்திருக்கும், அப்போது இந்தப் பேப்பரை எடுத்து மறுபடி முதல் வரியிலிருந்து போடுங்கள்.