வாக்ஸ் டின் தீருவதற்கு எத்தனை நாள் முன்பு ஆர்டர்? பார்லர் இருப்புக் கணக்கு: கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து ஒரு பார்லர் உரிமையாளர்: அக்கா, வாக்ஸ் எப்போதும் கூட்டம் உள்ள நாளில்தான் தீர்ந்துபோகிறது. வாரத்துக்குச் சுமார் 18 முழுக்கை, 6 முழுக்கால், 15 அக்குள் செய்கிறோம். மதுரையிலிருந்து பார்சல் வழக்கமாக 4 நாளில் வரும், சில சமயம் 9 நாள் ஆகிவிடுகிறது. எத்தனை டின் இருக்கும்போது ஆர்டர் போடுவது?

முதலில் ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். ஹீட்டரிலிருக்கும் டின்னை வேலைக்கு முன்னும் பின்னும் எடைபோட்டு, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பேருக்கு எழுதிவையுங்கள். டின்னில் அச்சிட்டிருக்கும் கணக்கை நம்ப வேண்டாம். பட்டையாகத் தடவுகிற கைக்கும் மெல்லியதாகத் தடவுகிற கைக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் வரும்.

முழுக்கைக்கு 40 கிராம், முழுக்காலுக்கு 80, அக்குளுக்கு 10 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் வாரக் கணக்கு 720, 480, 150, ஆக 1,350 கிராம். கூட்டமான வாரத்தில் இது 1,750 ஆகலாம், அதாவது நாளுக்கு 250 கிராம். ஆர்டர் போடும் அளவுக்குச் சராசரியை எடுக்காதீர்கள். கூட்ட நாளின் செலவையும் பார்சலின் மோசமான தாமதத்தையும் பெருக்குங்கள்: 250 × 9 = 2,250 கிராம். 600 கிராம் டின்னில் ஓரத்தில் ஒட்டியது போக 580 கிராம்தான் கைக்கு வரும். எனவே 4 டின்.

இதற்கு நோட்டும் வேண்டாம், கணினியும் வேண்டாம். அலமாரியில் டின்களை வரிசையாக வைத்து, பின்னாலிருந்து நான்காவது டின்னில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். அந்த டின்னைத் திறக்கக் கை போகும் நாள்தான் ஆர்டர் போடும் நாள். புதுச் சரக்கு வந்ததும் அதைப் பின்னால் அடுக்கி, டேப்பை இடம் மாற்றுங்கள்.

அதே கேள்வியாளர்: டேப் வைத்தால் பெண்கள் கவனிக்க மாட்டார்கள். ஞாயிறு இரவு நானே எண்ணுவேன். அது போதாதா?

எண்ணலாம், ஆனால் 4 டின் போதாது. இந்த ஞாயிறு 5 டின் இருப்பதைப் பார்த்து ஆர்டர் போடாமல் விடுகிறீர்கள். கூட்டமான வாரமென்றால் அடுத்த ஞாயிறு 2 டின்தான் மிஞ்சியிருக்கும். அன்று ஆர்டர் போட்டுப் பார்சலும் தாமதமானால், ஐந்தாம் நாளில் கையில் ஒன்றும் இருக்காது. வாரம் ஒருமுறை பார்ப்பவர் தாமத நாட்களோடு 7 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 250 × 16 = 4,000 கிராம், அதாவது 7 டின். கவனிப்பில் மிச்சம் பிடிக்கும் நேரத்துக்கு இந்த 3 டின்தான் விலை. எனக்கு டேப்தான் பிடிக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து: இவ்வளவு கணக்கு எதற்கு? நான் எல்லாப் பொருளையும் தேவைக்கு மேல் 25 சதவீதம் வாங்கி வைத்துவிடுவேன். இதுவரை தட்டுப்பாடு வந்ததில்லை.

கூடுதலாக வைக்க வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்பதுதான் இடிக்கிறது. ஸ்ட்ரிப், கையுறை, பஞ்சு போன்றவை விலை குறைவு, சீக்கிரம் கெடாது. அவற்றுக்கு 25 என்ன, 50 சதவீதம் கூட வைக்கலாம். ப்ளீச் பொடி அப்படியில்லை. கடற்காற்றின் ஈரத்தில் திறந்த டப்பா கட்டி தட்டிவிடும். விரலால் நசுக்கிப் பாருங்கள். உதிராமல் மணலாக நெருடினால் அதை முகத்தில் போடாதீர்கள். அதில் பெரிய டப்பாவைவிடச் சின்ன டப்பாக்களே லாபம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டால் தீவுக்குப் பார்சல் வருவது எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பது உங்களுக்கே தெரியும். அப்போது மாற்ற வேண்டியது சதவீதத்தை அல்ல, தாமத நாட்களை. 9 என்பதை 14 ஆக்கிக் கணக்கிடுங்கள்.

தொண்டியிலிருந்து: மசாஜ் கிரீம் 500 கிராம் ஜாரில் 33 பேஷியல் வர வேண்டும், 24 தான் வருகிறது. வேலைக்கு இருக்கும் பெண் வீட்டுக்கு எடுத்துப்போகிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருட்டு என்று முடிவு கட்டுமுன் வேறொன்றைப் பாருங்கள். உங்கள் கணக்கில் பேஷியலுக்கு 15 கிராம், நடப்பதோ ஏறத்தாழ 21 கிராம். பேஷியல் செய்யும்போது தலைக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் ஹெட்பேண்ட் போடுவீர்கள் அல்லவா? அது ஒருவருக்கு ஒன்று. ஹெட்பேண்ட் செலவு பில் எண்ணிக்கையோடு ஒத்துப்போய், கிரீம் மட்டும் கூடினால், கை தாராளமாக அள்ளுகிறது, அல்லது கழுத்து, முதுகு என்று இலவசமாகச் சேர்த்துச் செய்கிறார்கள். 15 கிராம் ஸ்பூன் ஒன்றை ஜாரோடு கட்டிவிடுங்கள். ஹெட்பேண்டும் பில்லைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தால், பில் போடாத பேஷியல் நடக்கிறது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது ஜாரை அல்ல, கல்லாவை. கிரீமை வீட்டுக்கு எடுத்துப்போனாலும் ஹெட்பேண்ட் கணக்கு சரியாகவே நிற்கும். அதனால் ஸ்பூன் வைத்த பிறகும் குறைகிறதா என்று இரண்டு ஜார் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும். எதுவென்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது.

உச்சிப்புளியிலிருந்து: எனக்குக் கடையே கிடையாது, வீடு வீடாகப் போய் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் வேலையே இல்லை. தை, ஆவணியில் மூச்சுவிட நேரமில்லை. எனக்கு என்ன அளவு?

உங்களுக்கு வாரச் சராசரி பொய்தான் சொல்லும். உங்களிடம் அதைவிட நல்ல தகவல் இருக்கிறது: முன்பணம் வாங்கிய தேதிகள். முன்பணம் கைக்கு வந்த அன்றே அந்தக் கல்யாணத்துக்கான பொருளை இருப்பிலிருந்து கழித்து எழுதிவிடுங்கள். பெட்டியில் 6 பாட்டில் செட்டிங் ஸ்பிரே இருந்தாலும் 5 கல்யாணத்துக்குப் பேசியிருந்தால் உங்களிடம் இருப்பது 1 தான். ஆர்டர் முடிவை அந்த 1 ஐப் பார்த்து எடுங்கள். நீங்களே அரைத்துச் செய்யும் மருதாணிக் கூம்புக்கு மட்டும் இது பொருந்தாது. ஓரிரு நாளில் அதன் நிறம் மங்கிவிடும். அதில் இருப்பே வைக்காதீர்கள். இலைப் பொடியை மட்டும் வையுங்கள்.

மண்டபத்திலிருந்து: தலைமுடிச் சாயத்தில் 12 நிறம் வைத்திருக்கிறோம். சில நிறத்தை மாதத்துக்கு ஒருவர்தான் கேட்கிறார். இதற்கும் இந்தக் கணக்கா?

மெதுவாகப் போகும் நிறத்துக்குப் பெருக்கல் வேண்டாம். நீளமான முடிக்கு 2 டியூப் ஆகும் என்றால் அந்த நிறத்துக்கு 2 டியூப்தான் அளவு. அதிலிருந்து ஒன்றை எடுத்த அன்றே ஆர்டர். டெவலப்பரோ எல்லா நிறத்துக்கும் பொது. அது சீராகச் செலவாவதால் அங்கே கணக்கு அழகாக நிற்கும். உங்கள் கம்பெனி 1-க்கு 1.5 கலக்கச் சொன்னால் 60 கிராம் டியூபுக்கு 90 மில்லி. ஒரு லிட்டர் பாட்டில் 11 டியூபுக்கு வரும். 11 டியூபுக்கு முன்பே பாட்டில் காலியானால் யாரோ கண்ணளவில் ஊற்றுகிறார்கள்.

ஒரு சரக்கு விற்பனையாளர்: 12 டின் பெட்டியாக எடுத்தால் தள்ளுபடி தருகிறோமே. அதைச் சொல்லாமல் நாலு டின், ஏழு டின் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

நாலு டின் என்பது எப்போது கேட்பது என்பதற்கான அளவு. எவ்வளவு கேட்பது என்பது வேறு கணக்கு. கீழக்கரைத் தங்கைக்கு 12 டின் ஐந்து வாரம் வரும். வாக்ஸ் அதற்குள் கெடாது, தள்ளுபடி உண்மையென்றால் எடுக்கலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீனவர் குடும்பங்களை நம்பியிருக்கும் கடைகளில் அப்போது கூட்டம் குறையும். மார்ச் கடைசியில் பெட்டி எடுத்தவர் பணத்தை அலமாரியில் பூட்டிவிட்டு வாடகைக்கு அலைவார். நீங்கள் தடைக்காலத்தில் 6 டின்னுக்கும் அதே தள்ளுபடி தருவீர்களா என்பதை இங்கேயே சொல்லிவிடுங்கள்.