ஒரே ஆர்டர், இரண்டு பில்: கஸ்டமருக்கு என்ன எழுதுவது?

கேள்வி: மதுரை கஸ்டமர் ஒரே ஆர்டர்தான் போட்டார். பிரிண்டர் பெங்களூரு குடோனிலிருந்தும் டோனர் சென்னையிலிருந்தும் தனித்தனி பில்லோடு போகிறது. "ரெண்டு தடவை காசு கேக்குறீங்களா?"ன்னு கோபப்படுகிறார். எப்படி லெட்டர் எழுதுவது?

காசுக் கணக்கை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், காரணம் அப்புறம். பில்லிங்கில் சேர்ந்த புதிதில் நான் ஜிஎஸ்டி விதியிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். கஸ்டமரின் அக்கவுண்டண்ட் அதைப் படிக்கவே இல்லை, இரண்டாவது பில்லை டூப்ளிகேட் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டார், மூன்று வாரம் பணம் வரவில்லை. இப்போது நான் எழுதுவது இப்படி:

"ஐயா, வணக்கம். உங்கள் ஆர்டர் 1187-இன் மொத்தம் வரியோடு ரூ.1,32,160. அதில் மாற்றமில்லை. 4 பிரிண்டருக்கு பெங்களூரு பில் ரூ.84,960, 20 டோனருக்கு சென்னை பில் ரூ.47,200, இரண்டும் சேர்ந்தால் அதே தொகை. சரக்கு எந்த மாநில குடோனிலிருந்து கிளம்புகிறதோ அந்த மாநிலப் பதிவில்தான் நாங்கள் பில் போட வேண்டும். அதனால் பெங்களூரு பில்லில் 18% ஐஜிஎஸ்டி என்றும், சென்னை பில்லில் 9% சிஜிஎஸ்டி, 9% எஸ்ஜிஎஸ்டி என்றும் இருக்கும். டோனர் நாளையும் பிரிண்டர் வியாழக்கிழமையும் வந்துசேரும். அந்தந்தச் சரக்கு வந்ததும் அந்தந்த பில்லுக்குப் பணம் அனுப்பினால் போதும்."

இவ்வளவு போதும். இரண்டு பில்லிலும் 1187 என்ற ஆர்டர் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் லெட்டர் எழுதியும் பிரயோஜனமில்லை. லாரி வாடகை தனியாக வாங்குவதாக இருந்தால் அது எந்த பில்லில் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

"ஒரே பில்லாகக் கொடுங்க" என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். முடியாது என்றில்லை. பிரிண்டரை முதலில் பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஸ்டாக் மாற்ற வேண்டும், நம் குடோனிலிருந்து நம் குடோனுக்கே என்றாலும் மாநிலம் வேறு என்பதால் அதற்கும் வரி பில் உண்டு, பிறகு சென்னையிலிருந்து எல்லாம் ஒன்றாகப் போகும். சில நாள் தாமதமாகும். இதைச் சரக்கு கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், லாரி ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இரண்டு பில்லில் அவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. ஒரே பில்லைப் போட்டுச் சரக்கைத் தவணையாக அனுப்பினால் கடைசித் தவணை கைக்கு வந்த பிறகுதான் அவர் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும். தனித்தனி பில் என்றால் டோனர் வந்ததுமே டோனர் வரிக்கு அந்தத் தடை இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் அவருக்கு வரும் GSTR-2B பட்டியலில் 29-இல் தொடங்கும் நம் பெங்களூரு ஜிஎஸ்டி எண்ணிலும் 33-இல் தொடங்கும் சென்னை எண்ணிலும் இரண்டு பதிவு தெரியும் என்று அக்கவுண்டண்டிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள், அவர் சென்னை எண்ணில் மட்டும் தேடிவிட்டு பிரிண்டர் பில்லைக் காணோம் என்று உங்களையே திருப்பிக் கூப்பிடுவார்.