ரெஸ்யூமே சம்மரி: இந்த ஒரு வேலைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் மாற்றி எழுதுவதும்

கேள்வி: ஆறு வருஷமா அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன். எல்லா வேலைக்கும் ஒரே சம்மரியோட ரெஸ்யூமே அனுப்பிட்டிருக்கேன். இப்ப ஒரு அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலைக்கு விண்ணப்பிக்கணும். என் சம்மரி அதுக்குப் பொருந்துதான்னு எப்படிப் பார்க்கறது, எப்படி மாத்தறது?

பதில்:

சம்மரியைத் தனியாக வைத்துக்கொண்டு அது நன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேலை அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

பெரும்பாலான அறிவிப்புகளில் எல்லா நிறுவனங்களும் எழுதும் பொதுவான வரிகள் நிறைய இருக்கும். "வேகமான சூழலில் பணிபுரியும் திறன்", "குழுவோடு இணைந்து செயல்படுபவர்" போன்றவற்றைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சுவதில் பொறுப்புகள் பகுதியின் முதல் மூன்று நான்கு வரிகளைக் கவனியுங்கள். ஆள் எடுக்கும் மேலாளர் எழுதித் தரும்போது எது தலைவலியோ அதைத்தான் பெரும்பாலும் முதலில் எழுதுவார். தலைப்பு, பொறுப்புகள், தகுதிகள் மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்றும் பாருங்கள். அந்த வேலையின் மையம் அங்கேதான் இருக்கும்.

உங்கள் அறிவிப்பு கையில் இல்லாததால், வழக்கமான ஒன்றை வைத்துக்கொள்வோம். பதவி: சீனியர் அக்கவுண்ட்ஸ் பேயபிள் அசோசியேட். பொறுப்புகள்: இன்வாய்ஸ்களை பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுப் பதிவு இரண்டோடும் ஒப்பிட்டு, அதாவது த்ரீ-வே மேட்ச் செய்து, பதிவு செய்தல், வெண்டார் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன், பழைய ஓப்பன் ஐட்டங்களைத் தீர்த்தல், மாத இறுதி அக்ரூவல், இளையவர் இருவருக்கு வழிகாட்டுதல். தகுதி: பேயபிளில் 4 வருடம், எஸ்ஏபி, எக்செல். இதில் "பழைய ஓப்பன் ஐட்டங்களைத் தீர்த்தல்" என்ற சொற்களைப் பாருங்கள். அங்கே பாக்கி குவிந்து கிடக்கிறது என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். சும்மா "ரீகன்சிலியேஷன்" என்று மட்டும் போட்டிருந்தால் இந்தக் குறிப்பு கிடைத்திருக்காது.

இப்போது பழைய சம்மரி. இந்தத் துறையில் வருபவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

> கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்ட கணக்கியல் வல்லுநர். பேயபிள், ரிசீவபிள், வங்கி ரீகன்சிலியேஷன், பேரோல், வரித் தாக்கல் ஆகியவற்றில் 6 வருட அனுபவம். எம்எஸ் ஆபீஸில் தேர்ச்சி. வளரும் நிறுவனத்தில் சவாலான பொறுப்பை எதிர்பார்க்கிறேன்.

இதை வாக்கியமாகப் படிக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது அறிவிப்பின் எந்த வரியைத் தொடுகிறது? இதற்கான சான்று கீழே அனுபவப் பகுதியில் எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் பதில் இருந்தால் துண்டு தங்கும். முதல் கேள்விக்கே பதில் இல்லை என்றால், எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது இந்த ரெஸ்யூமேயின் சம்மரியில் வேண்டாம். முதலாவதுக்குப் பதில் இருந்து சான்று மட்டும் இல்லை என்றால், செய்த வேலையைக் கீழே எழுத மறந்துவிட்டீர்களா என்று யோசியுங்கள். செய்திருந்தால் கீழே சேருங்கள். செய்யவில்லை என்றால் மேலேயும் எழுதாதீர்கள்.

இந்தச் சல்லடையில் போட்டால், முதல் வாக்கியம் முழுக்கப் போகிறது. கடைசி வாக்கியம் உங்களுக்கு என்ன வேண்டும் என்கிறது. அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. அதுவும் போகிறது. "எம்எஸ் ஆபீஸ்" எக்செலைத் தொடுவது போல் தோன்றும், ஆனால் அவர்கள் கேட்ட எஸ்ஏபி எங்கேயும் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டாவது வாக்கியம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது பொருந்துவது போலவே இருக்கிறது. பேயபிள் என்ற சொல் வருகிறது, 6 என்ற எண்ணும் வருகிறது. ஆனால் ஐந்து வேலைகளை ஒரே எடையில் அடுக்கியதால், படிப்பவர் மனதில் நீங்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவராகப் பதிகிறீர்கள். 6 வருடத்தில் பேயபிள் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அறிவிப்பு கேட்டதோ அந்த ஒன்றைத்தான்.

பொருந்தாத சம்மரி என்றால் தொடர்பே இல்லாத சம்மரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் அடிபடுவது இந்த மாதிரி, சரியான சொல் இருந்தும் சரியான எடை இல்லாத சம்மரிகள்தான்.

மாற்றி எழுத, புதுச் சொற்களைத் தேடி உட்கார வேண்டாம். உங்கள் அனுபவப் பகுதிக்குப் போங்கள். அறிவிப்பின் ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே, நீங்கள் செய்ததில் வலுவான ஒரே ஒரு வரியை எழுதுங்கள். அங்கே இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கடைசி 4 வருடம் பேயபிள் மட்டும். மாதம் சுமார் 900 இன்வாய்ஸ். 120 வெண்டார்களின் ஸ்டேட்மென்ட். 90 நாளைத் தாண்டிய ஓப்பன் ஐட்டங்கள் 8 மாதத்தில் 210-லிருந்து 40 ஆனது. மாத இறுதி அக்ரூவல் பட்டியல் தயாரிப்பு. எஸ்ஏபி 2 வருடம். புதிதாக வந்த ஒருவருக்குப் பயிற்சி. இவற்றில் 210-லிருந்து 40 என்ற வரி மூன்றாவது வேலையின் ஆறாவது புல்லட்டில் புதைந்து கிடக்கும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சம்மரியின் முக்கியமான பயனே அதை மேலே கொண்டு வருவது.

> அக்கவுண்ட்ஸில் 6 வருடம். அதில் கடைசி 4 வருடம் முழுக்க அக்கவுண்ட்ஸ் பேயபிள். எஸ்ஏபியில் மாதம் சுமார் 900 இன்வாய்ஸ்களை த்ரீ-வே மேட்ச் செய்து பதிவு செய்கிறேன். 120 வெண்டார்களின் ஸ்டேட்மென்ட் ரீகன்சிலியேஷன். 90 நாளைத் தாண்டிய ஓப்பன் ஐட்டங்களை 8 மாதத்தில் 210-லிருந்து 40 ஆகக் குறைத்தேன். மாத இறுதி அக்ரூவல் பட்டியல் தயாரிப்பு. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு இன்வாய்ஸ் பதிவில் பயிற்சி.

வரிசை அறிவிப்பின் வரிசைதான். முதல் வாக்கியம் 4 வருடத் தகுதியை நேரடியாகத் தீர்த்துவிடுகிறது, படிப்பவர் தேதிகளைக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. பேரோலும் வரித் தாக்கலும் காணாமல் போகவில்லை, அனுபவப் பகுதியில் தங்கள் இடத்தில் இருக்கின்றன. எக்செல்லைச் சேர்க்காததும் வேண்டுமென்றேதான். திறன்கள் பகுதியில் ஒரு வரி போதும்; பேயபிளில் 4 வருடம் இருந்தவருக்கு எக்செல் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"இளையவர் இருவருக்கு வழிகாட்டுதல்" என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அறிவிப்பில் இருக்கும் வினைச்சொல்லை எடுத்துப் பெரிதாக்கி "குழுவை வழிநடத்தினேன்" என்று போட்டுவிடுவார்கள். ஒருவருக்குப் பயிற்சி கொடுத்ததும் குழுவை வழிநடத்தியதும் ஒன்றல்ல. பொருளின் பெயரை அவர்கள் சொல்வது போலவே சொல்லுங்கள், செயலின் அளவை மட்டும் உங்களுடையதாகவே வையுங்கள். அவர்கள் "வெண்டார்" என்றால் நீங்களும் "வெண்டார்" என்றே எழுதுங்கள், "சப்ளையர்" என்று எழுத வேண்டாம். விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில் தேடுபவர் பெரும்பாலும் தன் அறிவிப்பில் உள்ள சொல்லைத்தான் தட்டுவார். சுருக்கப் பெயர் வழங்கும் இடங்களில் முழுப் பெயரையும் ஒரு முறையாவது எழுதிவிடுங்கள். அதற்காக ஒரே சொல்லை நான்கு முறை திணிப்பதில் பயனில்லை, மனிதர் படிக்கும்போது அது உறுத்தும்.

அவர்கள் 3 வருட எஸ்ஏபி கேட்டு உங்களிடம் 2 தான் இருந்தால்? சம்மரியில் வருடக் கணக்கு இல்லாமல், எஸ்ஏபியில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், மேலே எழுதியது போல. எந்த வேலையில் எப்போது பயன்படுத்தினீர்கள் என்பது கீழே தேதிகளோடு இருக்கட்டும். படிவத்தில் எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டால் 2 என்றே நிரப்புங்கள். சுத்தமாக இல்லாத ஒரு தகுதிக்கு சம்மரியில் விளக்கம் சொல்ல முயல வேண்டாம், அதற்கான இடம் கவர் லெட்டர்.

நீளம் மூன்று நான்கு வரி, ஆங்கில ரெஸ்யூமே என்றால் 50, 60 சொல். வேர்டில் டெக்ஸ்ட் பாக்ஸுக்குள்ளோ பக்கத்தின் ஹெடரிலோ சம்மரியை வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அந்தப் பகுதிகளை வாசிக்காமல் விட்டுவிடும்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்கு சம்மரி தேவையா? இப்போதைய பதவியும் கேட்கும் பதவியும் ஒன்றே, முதல் புல்லட்டிலேயே வலுவான எண் இருக்கிறது என்றால், சம்மரி அதையே இரண்டு முறை சொல்லும். அப்படியானால் எடுத்துவிடலாம். உங்களைப் போல அனுபவம் பல வேலைகளில் சிதறியிருப்பவர்களுக்கும், துறை மாறுபவர்களுக்கும், நடுவில் இடைவெளி விட்டுத் திரும்புபவர்களுக்கும்தான் அது உண்மையில் வேலை செய்கிறது.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனை. அக்கவுண்ட்ஸ் தெரிந்த ஒருவரிடம் சம்மரியை மட்டும் காட்டி, எந்த வேலைக்கு இது, அதில் முக்கியமான மூன்று பொறுப்பு என்ன என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வது அறிவிப்போடு ஒத்துப் போனால் சரி. அவர் "ஏதோ அக்கவுண்ட்ஸ் வேலை" என்றால் இன்னும் பொதுவாகவே இருக்கிறது. அடுத்து, அதே சம்மரியைப் பொதுவான ஜெனரல் அக்கவுண்டன்ட் அறிவிப்பு ஒன்றின் பக்கத்தில் வையுங்கள். அங்கே கொஞ்சம் இடித்தால்தான் இது இந்த வேலைக்காக எழுதப்பட்டது. அனுப்பும் முன் போன விண்ணப்பத்தின் நிறுவனப் பெயரோ பதவிப் பெயரோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கோப்பின் பெயரிலும்.

சம்மரியில் எண் போட்டால் நேர்காணலின் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். 210 எப்படி 40 ஆனது என்பதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்: எத்தனை ஐட்டம் சரக்கு வரவு பதியாததால் நின்றது, வெண்டார் தர வேண்டிய கிரெடிட் நோட் வராததால் நின்றது எத்தனை, எத்தனை இரண்டு முறை பதிந்த இன்வாய்ஸ், ஸ்டோர்ஸிடமும் வெண்டாரிடமும் யார் பேசினார், எப்படி முடித்தீர்கள். மீதி 40 ஏன் இன்னும் தீரவில்லை என்றும் கேட்பார்கள்.