முதலில் பெருக்குங்கள், அப்புறம் கேலன்

"அண்ணா, அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. 60 பேருக்குச் சமைக்க வேண்டும். என்னிடம் இருக்கும் பட்டியல் 12 பேருக்கு, அதுவும் லிட்டர், மில்லியில். கடையில் எல்லாம் கேலன், அவுன்ஸ். ஒவ்வொரு வலைத்தளமும் ஒவ்வொரு கணக்கு சொல்கிறது. எப்படி மாற்றுவது?"

தம்பி, கணக்கு வேறுபடுவது உலகத்தில் இரண்டு கேலன்கள் இருப்பதால்தான். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், அதில் 128 அவுன்ஸ். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அதில் 160 அவுன்ஸ். பிரிட்டன் 1824-இல் சட்டம் போட்டுத் தன் கேலனை மாற்றிக்கொண்டது, அமெரிக்கா பழையதையே விடாமல் பிடித்துக்கொண்டது. அவுன்ஸில் வித்தியாசம் சின்னது: இங்கே 29.57 மில்லி, அங்கே 28.41. அதனால் சின்ன அளவுகளில் தவறு கண்ணில் படாது, கேலனுக்குப் போகும்போதுதான் உதைக்கும். வலைத்தளத்தில் 1 கேலன் என்று போட்டுப் பாருங்கள். 3.785 வந்தால் நம்பலாம், 4.546 வந்தால் மூடிவிடுங்கள்.

அடுத்தது வரிசை. முதலில் மில்லியிலேயே பெருக்குங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். 12 பேருக்கான பட்டியலை முதலிலேயே அவுன்ஸாக்கி, அதைத் தோராயமாக்கி, பிறகு ஐந்தால் பெருக்கினால், அந்தத் தோராயத்தில் வந்த பிசகும் ஐந்து மடங்காகும். 10 மில்லி எசன்ஸை 'சரி, அரை அவுன்ஸ்' என்று எழுதினால் 60 பேருக்கு 2.5 அவுன்ஸ், அதாவது 74 மில்லி ஆகிவிடும். வேண்டியது 50 மில்லிதான், 1.7 அவுன்ஸ்.

உங்கள் பட்டியலில் 2.5 லிட்டர் தண்ணீர், 750 மில்லி பால், 45 மில்லி தேன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஐந்து மடங்கு 12,500 மில்லி. 29.57-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 422.7 அவுன்ஸ். இதை 128-ஆல் வகுத்தால் 3.3 கேலன். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: 3.3 என்பது 3 கேலன் 3 அவுன்ஸ் இல்லை. மூன்று கேலனுக்கு 384 அவுன்ஸ் போக மீதி 38.7 அவுன்ஸ், ஒரு குவார்ட்டும் (32 அவுன்ஸ்) அதற்கு மேல் 6.7 அவுன்ஸும். இதையே பிரிட்டிஷ் கணக்கில் போட்டால் 2.75 கேலன் என்று வரும். அதை நம்பி அமெரிக்க கேலனில் அளந்து ஊற்றினால் இரண்டு லிட்டருக்கு மேல் குறையும்.

பால் 3,750 மில்லி, 126.8 அவுன்ஸ். ஒரு கேலன் ஜாடியை அப்படியே ஊற்றிவிடலாம், 35 மில்லிதான் கூடுதல். இந்த மாதிரி இடத்தில் கணக்கைத் துரத்திக்கொண்டு போவது வீண் வேலை.

பட்டியல் நீளம் என்றால் எக்செல் போதும். A2-வில் 12 பேருக்கான மில்லி, B2-வில் 60 பேருக்கான அவுன்ஸ், C2-வில் முழு கேலன், D2-வில் மீதி அவுன்ஸ்:

```
B2: =ROUND(A2*5/29.57,1)
C2: =INT(B2/128)
D2: =MOD(B2,128)
```

`ROUND` முதலிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் 127.99 அவுன்ஸ் வரும் இடத்தில், தசமம் இல்லாமல் காட்டும்படி வைத்திருந்தால், திரையில் '0 கேலன் 128 அவுன்ஸ்' என்று காட்டிக் குழப்பும்.

தேன் தனிக் கதை. ஐந்து மடங்கு 225 மில்லி, 7.6 திரவ அவுன்ஸ். ஆனால் அவுன்ஸ் என்பது எடைக்கும் உண்டு, 28.35 கிராம். தேன் புட்டியில் பெரும்பாலும் எடைதான் போட்டிருப்பார்கள். தேன் தண்ணீரைவிட 1.42 மடங்கு கனம், எனவே 225 மில்லி தேனின் எடை 11.3 அவுன்ஸ். 7.6-ஐத் தராசில் வைத்தால் 150 மில்லிதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர், பாலில் இந்தப் பிசகு தெரியாது, எண்ணெயிலும் பெரிதாக இருக்காது. தேன், பாகு மாதிரியான கெட்டிப் பொருளில் மட்டும் புட்டியைத் திருப்பிப் பாருங்கள், கிராம் கணக்கும் அங்கேயே இருக்கும்.

இன்னொன்று, இந்த மாற்றமெல்லாம் கடைக்குப் போகும் சீட்டுக்கு மட்டும் போதும். அடுப்படியில் அளக்கும்போது மில்லியிலேயே இருங்கள், இங்கே விற்கும் அளவுக் குவளைகள் பலவற்றில் இரண்டு கோடும் இருக்கும். தண்ணீரை மட்டும் பத்தில் ஒரு பங்கு நிறுத்தி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாகும் தண்ணீர் அதே ஐந்து மடங்கில் கூடாது.