என்னைத் தாண்டி ஜூனியருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். இதை எதிர்த்து வழக்குப் போட முடியுமா?

நீங்கள் அரசு அலுவலகத்தில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தனியார் நிறுவனம் என்றால் இந்தப் பதிலில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. அரசியலமைப்பின் 14, 16 ஆம் பிரிவுகளைக் காட்டித் தனியார் முதலாளியைக் கேள்வி கேட்க முடியாது.

"பதவி உயர்வு உரிமையே இல்லையே" என்று சிலர் கீழே எழுத வருவார்கள், தெரியும். நான் வழக்கறிஞன் அல்லன், பாதிக்கப்பட்டவன். அவர்கள் சொல்வது பாதி உண்மை. பதவி உயர்வு உரிமை இல்லை. ஆனால் முறை வரும்போது பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை. அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே "நான் சீனியர்" என்று மட்டும் சொல்லி வழக்கு நிற்காது. எந்தக் காரணத்தால் தாண்டினார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

என் கதையைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். 2011இல் கண்காணிப்பாளர் பதவிக்கான பேனல், அதாவது பதவி உயர்வுக்குத் தேர்வானவர்களின் பட்டியல், வந்தது. முதுநிலைப் பட்டியலில் நான் 11ஆம் எண். 12, 13 ஆகிய இருவர் பெயரும் இருந்தன, என் பெயர் இல்லை. அன்று மாலை வடசேரி பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாளே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "ஏன் எனக்குக் கொடுக்கவில்லை" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் பதில் வராது. பேனலின் நகல், அதைத் தயாரித்த கோப்பின் குறிப்புப் பக்கங்கள், என் பெயருக்கு நேரே எழுதப்பட்ட குறிப்பு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டேன். வந்த பதிலில் ஒரே வரி இருந்தது: "இருப்புப் பதிவேடு காணாமல் போனது தொடர்பாக இவர் மீது முதற்கட்ட விசாரணை நிலுவையில் உள்ளது."

அந்தப் பதிவேடு எனக்கு முன்பிருந்தவர் காலத்தது. அதைவிட முக்கியம், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)இன் கீழ் எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை எதுவும் கொடுக்கப்படவில்லை. ஜானகிராமன் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முதற்கட்ட விசாரணை நடக்கிறது என்பதற்காகப் பதவி உயர்வை நிறுத்த முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகியிருக்க வேண்டும். கையில் குறிப்பாணை இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. இல்லாததால்தான் அவர்கள் செய்தது கேள்விக்குரியதாயிற்று.

உங்கள் கோப்பிலும் இதைத்தான் முதலில் பாருங்கள். காரணம் மேலதிகாரி உங்களைப் பற்றி ஆண்டுதோறும் எழுதும் மந்தணக் குறிப்பில் இருந்தால், அது உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டதா என்று பாருங்கள். தெரிவிக்காத குறிப்பை வைத்துத் தாண்டுவது தவறு என்று தேவ் தத் வழக்கில் 2008இல் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் பதவிக்கான விதி என்ன சொல்கிறது என்பதையும் படியுங்கள். முதுநிலைக்கு முதலிடம் தரும் விதியென்றால், குறைந்தபட்சத் தகுதி உள்ள மூத்தவரைத் தாண்ட முடியாது. தகுதிக்கு முதலிடம் என்றால், திறமை மிகுந்த இளையவர் முந்துவது சட்டப்படி சரியே. அப்போது வழக்கில் பணத்தை இறைக்காதீர்கள்.

துறைத் தலைவருக்கு முறையான வழியில் மனு அனுப்பினேன். பதில் இல்லை. ஐந்தாவது மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்தேன். 12, 13 ஆகிய இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் என் மகள் திருமணத்துக்குப் பந்தலில் நின்று வேலை செய்தவர். ஆனால் அவர்களைச் சேர்க்காவிட்டால் மனுவே நிற்காது என்றார் வழக்கறிஞர். சங்கத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். பணியில் சேர்ந்த நாள் முதல் சந்தா கட்டினேன். மதுரைக் கிளை இருக்கும் ஒத்தக்கடைக்கு என்னோடு ஒருவர்கூட வரவில்லை. மாநாட்டுக்கு மட்டும் வசூல் புத்தகத்தோடு வந்தார்கள்.

நீதிமன்றம் எனக்குப் பதவி உயர்வு கொடுக்கவில்லை. அந்தக் காரணத்தை நீக்கிவிட்டு எட்டு வாரத்தில் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 12ஆம் எண்காரர் பொறுப்பேற்ற நாளிலிருந்து எனக்குக் கருத்தியலாக, அதாவது கணக்கில் மட்டும், பதவி உயர்வு தந்தார்கள். நிலுவைச் சம்பளம் தரவில்லை. அதற்கும் வழக்காடலாம் என்றார்கள், ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே இருந்ததால் விட்டுவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

தக்கலையில் என் நண்பர் ஒருவரின் காரணம் என்னுடையதைவிட வலுவானது. அடுத்த பேனலில் சரியாகிவிடும் என்று அதிகாரி சொன்னதை நம்பி மூன்று ஆண்டுகள் மனு மேல் மனுவாக எழுதினார். பிறகு போட்ட வழக்கு தாமதத்துக்காகவே தள்ளுபடியானது. தமிழ்நாட்டுக்காரரான சதாசிவசுவாமியின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள், அதிகபட்சம் ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஜூனியருக்கு ஆணை வந்த தேதி எது என்று இன்றே பாருங்கள்.